பட்டிமன்றத்தில் பேசும்போது "என்னைப் பொறுத்தவரை", "என்று நான் நினைக்கிறேன்" என்றே வாயில் வருகிறது. இதை எடுத்துவிட்டு உறுதியாகப் பேசுவது எப்படி?

ஈரோடு பக்கம் பள்ளிப் பிள்ளைகளைப் பட்டிமன்றத்துக்குத் தயார் செய்கிறேன். எல்லாப் பிள்ளைகளிடமும் முதலில் திருத்துவது இதைத்தான்.

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. கேட்பவர் மனதில் நிற்பதும் அதுதான். "ஆறு கெட்டது" என்று முடித்தால் ஆறு கெட்டது நிற்கும். "ஆறு கெட்டது என்று நான் நினைக்கிறேன்" என்று முடித்தால், நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதுதான் நிற்கும். போதாததற்கு அந்த வாலுக்கு வரும்போது குரலும் இறங்கிவிடும். அதனால் தொடக்கத்தில் வரும் "என்னைப் பொறுத்தவரை"யை விட, கடைசியில் ஒட்டும் "என்று நினைக்கிறேன்"தான் அதிகம் கெடுக்கிறது. முதலில் வெட்ட வேண்டியது அந்த வாலை.

வெட்டினால் மட்டும் போதாது. போன வருடம் ஒரு மாணவி இப்படி எழுதி வந்தாள்: "என்னைப் பொறுத்தவரை, சாயப்பட்டறைகள்தான் நொய்யலைக் கெடுத்தன என்று நான் நினைக்கிறேன்." இரண்டு பக்கமும் அடிக்கச் சொன்னேன். மிஞ்சியது, "சாயப்பட்டறைகள்தான் நொய்யலைக் கெடுத்தன." வாசித்துவிட்டுத் தயங்கினாள். "சார், கோயமுத்தூர்ச் சாக்கடையும் அதுலதானுங்க கலக்குது?" என்றாள்.

அந்தத் தயக்கம் நியாயமானது. "தான்" என்ற ஒரு சொல் பழி முழுவதையும் ஒரே இடத்தில் போடுகிறது. அது தாங்காது என்று உள்ளுக்குள் தெரிந்ததால்தான் "என்னைப் பொறுத்தவரை" என்ற முட்டுக் கொடுத்திருக்கிறாள். அதை எடுக்கும்போது வாக்கியம் சாய்ந்தால், கூற்று அகலமாகிவிட்டது என்று பொருள். குரலை உயர்த்தி அதைச் சரிசெய்ய முடியாது, கூற்றைக் குறுக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த வகையில் கெட்டது என்று கேட்டேன். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்புப் போடுகிறார்கள், அந்த உப்புக் கழிவோடு வெளியே வருகிறது என்று அவளே சொன்னாள். சரி, அதையே எழுது கண்ணு என்றேன். கடைசியில் வந்தது இது:

"திருப்பூருக்குக் கீழே நொய்யல் தண்ணீரில் இந்த அளவுக்கு உப்பை ஏற்றியது சாயக்கழிவு. பாசனத்துக்காக 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவு தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில், கழிவை முழுதாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்."

இதில் "நான்" எங்கும் இல்லை. இடம் இருக்கிறது, பொருள் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. உறுதி அவற்றிலிருந்து வருகிறது.

சந்தேகம் உண்மையாகவே இருந்தால் மறைக்க வேண்டாம். ஆனால் அதை உங்கள் மேல் வைக்காமல் பொருளின் மேல் வையுங்கள். "எல்லாக் கிணறும் கெட்டது என்று தோன்றுகிறது" என்பதற்குப் பதிலாக "ஆற்றோரக் கிணறுகள் பலவும் கெட்டன" என்று சொல்லலாம். நாளை நடக்கப்போவதைச் சொல்லும்போது மட்டும் "இது என் கணிப்பு" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், அது நேர்மை. நீக்கிய இடத்தில் "சந்தேகத்துக்கு இடமின்றி", "நிச்சயமாக" என்று கொண்டுவந்து நிரப்பாதீர்கள். அதுவும் அதே முட்டுதான், வேறு மரத்தில் செய்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு பயம் உண்டு: வெட்டிப் பேசினால் மரியாதை இல்லாமல் போய்விடுமோ என்று. வீட்டில் பெரியவர்களிடம் "ங்க" போடாமல் ஒரு சொல்லும் பேசாத ஊர் அல்லவா! அந்த மரியாதையை நடுவரை விளிப்பதில் வையுங்கள். "நடுவர் அவர்களே" என்று நிதானமாக அவர் முகம் பார்த்துச் சொல்லிவிட்டு, கருத்தை நேராகச் சொல்லலாம். எதிரணியையும் "எதிரணி நண்பர் சொன்னார்" என்றே குறிப்பிடுங்கள்.

பயிற்சிக்கு, பேச்சை மொபைலில் பதிவுசெய்து வாக்கியங்களின் கடைசிச் சொற்களை மட்டும் தாளில் எழுதிப் பாருங்கள். அந்த மாணவியின் நாலு நிமிடப் பேச்சில் "நினைக்கிறேன்" பதினோரு இடத்தில் இருந்தது. பாதிக்கு மேல் அடுத்த வரி நினைவுக்கு வரும்வரை நேரம் ஓட்டச் சொன்னவை. அந்த இடங்களில் வாயை மூடி ஒரு மூச்சு விடச் சொன்னேன். இரண்டு வாரத்தில் மூன்றாகக் குறைந்தது.

போட்டியன்று எதிரணிப் பையன் எழுந்து, "அப்போ கோவைச் சாக்கடை?" என்று கேட்டான். "அதுவும் கலக்கிறது, மறுக்கவில்லை. அணைக்குக் கீழே வயலில் பூத்தது உப்பு. அந்த உப்புக்குச் சாக்கடையைக் காரணம் காட்டுங்கள், கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விட்டாள்.