அட்டை மடிப்பில் வெடிப்பது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (அம்மாப்பேட்டை, சேலம்): மகளின் திருமண அழைப்பிதழை 300 ஜிஎஸ்எம் அட்டையில் அச்சிடச் சொன்னோம். விரித்த அளவு பதினொன்றரை அங்குலத்துக்கு 7 அங்குலம். நடுவில் மடித்ததும் அரக்கு நிறப் பட்டையில் வெள்ளைக் கோடு விழுகிறது. அட்டையே மட்டமானது என்கிறார் அச்சகத்தார். உண்மையா?

பதில்: அட்டையைக் குறை சொல்லுமுன் அதை எப்படி வெட்டினார்கள் என்று கேளுங்கள். ஆலையில் காகிதம் ஓடும் திசையிலேயே கூழின் நார்களில் பெரும்பகுதி படுத்துவிடுகிறது. அந்த ஓட்டத்துக்கு இணையாக மடித்தால் அட்டை நார்களுக்கு நடுவே இணங்கி வளைகிறது. குறுக்கே மடித்தால் நார்களே முறிகின்றன. மேலே உள்ள பூச்சும் மையும் பிளந்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிகிறது.

உங்கள் அளவைத் தாளில் வைத்துப் பார்க்கலாம். 23க்கு 36 அங்குலத் தாளில் நார் 36 அங்குலப் பக்கமாக ஓடுகிறது என்று கொள்வோம். பதினொன்றரை அங்குலத்தை 36 பக்கமாக வைத்தால் அந்தப் பக்கம் மூன்று, 23 பக்கம் மூன்று, ஆக 9 அழைப்பிதழ் கிடைக்கும். ஆனால் 7 அங்குல மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். திருப்பி வைத்தால் மடிப்பு சரியாக அமையும். ஆனால் இரண்டு பதினொன்றரை சேர்ந்தால் 23 முழுவதும் தீர்ந்துபோகும், ஓரம் வெட்ட இடமிருக்காது. அதனால் வரிசைக்கு ஒன்றுதான் நிற்கும், தாளுக்கு 5தான் தேறும். அச்சகத்தார் 9ஐத் தேர்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அகலத்தை 11 அங்குலமாகக் குறைத்திருந்தால் 23 பக்கம் இரண்டும் 36 பக்கம் ஐந்துமாக, ஓரத்துக்கு ஓர் அங்குலம் மிச்சத்தோடு 10 கிடைத்திருக்கும்; மடிப்பும் நாரோடு போயிருக்கும். வடிவமைப்பை முடிக்கும் முன்பே நார்த்திசையைக் கேட்டுவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

திசையைக் கண்டுபிடிக்க, அட்டையில் ஒரு சதுரத் துண்டு வெட்டி இரண்டு பக்கமாகவும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்த மடிப்புக்கோட்டில் எதிர்ப்பு குறைவோ, நார் அதற்கு இணையாக ஓடுகிறது. நீளத்துண்டை வளைத்தால் அதன் வடிவமே ஏமாற்றிவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் பூச்சில்லாத பக்கத்தை மட்டும் நனையுங்கள். துண்டு குழாய்போலச் சுருளும். குழாயின் நீளவாட்டுதான் நாரின் திசை.

கேள்வி (ஏற்காடு): வாழ்த்து அட்டைகள் செய்கிறேன். பிளேடால் மேலாகக் கீறி மடிக்கிறேன். சில நாளில் கோடு கிழிந்துவிடுகிறது.

பதில்: கீறுவதை நிறுத்துங்கள். பிளேடு மேல் நார்களை அறுத்துவிடுவதால் மடிப்பைத் தாங்க மிச்சமிருக்கும் பாதி அட்டைதான் உண்டு. தேவை வெட்டு அல்ல, அழுத்தம். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைக்கடியில் சற்று இணங்கும் பரப்பு இருக்கட்டும். பழைய நாளிதழை நாலைந்து மடிப்பாகப் போட்டால் போதும். ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி இரண்டு மூன்று முறை மிதமாக இழுங்கள். ஒரே இழுப்பில் ஆழம் பார்த்தால் பூச்சு கிழியும்.

அழுத்திய பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் உண்டாகும். மேடு மடிப்பின் உள்ளே போக வேண்டும், பள்ளம் வெளியே இருக்க வேண்டும். பள்ளத்துக்குள் மடிப்பதுதான் இயல்பாகத் தோன்றும், ஆனால் அது தவறு. அழுத்தும்போது அட்டையின் உள் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. மடிக்கும்போது அவை உட்பக்கம் புடைத்து ஒதுங்குவதால் வெளித்தோல் இழுபடுவது குறைகிறது. திருப்பி மடித்தால் அந்தப் பயன் போய்விடும்.

கேள்வி (ஏற்காடு): காப்பித்தூளுக்குப் பெட்டி அடிக்கப் போகிறோம். பெட்டியில் மடிப்பு இரு திசையிலும் வருகிறதே, நாரை எந்தப் பக்கம் வைப்பது?

பதில்: பெட்டியின் உடலைச் சுற்றி, அதாவது நிற்கும் மூலைகளுக்குக் குறுக்காக வையுங்கள். தூள் உள்ளிருந்து தள்ளும்போது பக்கங்கள் உப்பாமலிருக்க அந்த விறைப்பு வேண்டும். அப்போது நான்கு மூலைகளும் நாருக்குக் குறுக்கே மடிவதால் வெடிக்காமல் காப்பது முழுக்க கிரீஸிங், அதாவது மடிப்புக்கோட்டை அழுத்திப் பதிக்கும் வேலையின் பொறுப்பு. பெட்டியை வெட்டி மடிப்புக்கோடு பதிக்கும் டை செய்பவரிடம், அட்டைக்கடியில் தகடு அழுந்தி இறங்கும் பள்ளத்தின் அகலத்தைக் கேளுங்கள். அட்டையின் தடிமனை ஒன்றரையால் பெருக்கி, அழுத்தும் தகட்டின் தடிமனைக் கூட்டுவது வழக்கமான கணக்கு. 0.4 மில்லிமீட்டர் அட்டைக்கும் 0.7 தகட்டுக்கும் 1.3 மில்லிமீட்டர் வரும். பள்ளம் ஒடுங்கினால் அழுத்தும்போதே அட்டை வெட்டுப்படும். அகன்றால் மடிப்பு கோட்டை விட்டு அலையும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, சேலம்): நார்த்திசை சரி, கிரீஸிங்கும் சரி. ஆனாலும் டிஜிட்டல் அச்சில் கோடு உதிர்கிறது.

பதில்: டிஜிட்டல் அச்சின் தூள் மையான டோனர் அட்டைக்குள் ஊறுவதில்லை, மேலே படலமாக உட்காருகிறது. மடிப்புக்கோட்டில் அடர்நிறம் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் லேமினேஷன் செய்த பிறகு கிரீஸிங் போடுங்கள். சேலத்துக் கோடையில் அட்டை காய்ந்து விறைத்திருந்தால் இது இன்னும் மோசமாகும். அட்டைக்கட்டின் உறையை வேலைநாள் வரை பிரிக்காமல் வைத்திருங்கள்.