வெற்றிலைக்கு நான் கொடுத்த விலை

கேள்வி: அண்ணன் கல்யாணத்தில் மதினியின் அம்மாவைப் பற்றி விளையாட்டாக ஒன்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன எழுதி அனுப்பினால் சரியாகும்?

நீங்கள் தனியாக இருக்கும்போது அதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். சுற்றி நான்கு பேர் சிரித்திருப்பார்கள், அந்தச் சிரிப்புக்காகவே சொல்லியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

போன வருடம் வைகாசியில் என் தம்பிக்குக் கல்யாணம். பெண் வீடு சோழவந்தான் பக்கம். தம்பியின் மாமனாருக்குக் கொடிக்கால்தான் பிழைப்பு. அகத்தியில் ஏற்றிய வெற்றிலைக் கொடிகளோடு அறுபது வயது வரை வாழ்ந்துவிட்டவர். தாம்பூலப் பையில் வழக்கமாக ஒரு தேங்காயும், வாடிப்போன இரண்டு வெற்றிலையும், பாக்குப் பொட்டலமும்தானே இருக்கும்? இவர் ஒவ்வொரு பையிலும் கொழுந்து வெற்றிலையாகப் பத்துப் பத்து அடுக்கி, வாழைநாரால் கட்டி வைத்திருந்தார். கடைசிப் பந்தி முடிந்து பை கொடுக்கும்போது நான் என் சித்திமாரிடம், "சம்பந்தி வீட்டில் கணக்குப் பார்க்காமல் கொடுத்தது இந்த வெற்றிலையை மட்டும்தான்" என்றேன். நகையில் சொன்னதைவிட இரண்டு பவுன் குறைந்தது என்று வீட்டில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. அதைக் குத்திச் சொன்னேன் என்று எல்லோருக்கும் புரிந்தது. திரும்பினால், ஈரச் சாக்குப் போட்டு மூடிய கூடையோடு அவர் நின்றுகொண்டிருக்கிறார். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன்.

ஒன்று இருந்தது என்று ஆடியில்தான் தெரிந்தது. மகளை அழைத்துப் போக வந்தவர் வாசற்படியிலேயே நின்றார். அம்மா காபி கொண்டுவந்தபோது, "இப்போதுதான் கடையில் குடித்தேன்" என்றார். தண்ணீர்கூட வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் போவதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்கு முன்பே இரண்டு செய்தி அனுப்பிக் காரியத்தைக் கெடுத்து வைத்திருந்தேன். அவற்றைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

முதல் செய்தியைக் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் குடும்பக் குழுவில் போட்டேன். "கல்யாண வேலையில் யார் மனதாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று எழுதி, கூப்பிய கை மூன்று. அந்த 'இருந்தால்' என்ற சொல் இருக்கிறதே, அது மன்னிப்பு கேட்கிற மாதிரி நடித்துக்கொண்டு, புண்பட்டதை நிரூபி என்று எதிராளியிடம் சாட்சி கேட்கிறது. போதாக்குறைக்கு, விஷயமே தெரியாத பத்துப் பேர், "என்ன நடந்தது?" என்று எனக்குப் போன் செய்தார்கள். மண்டபத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கேட்ட பேச்சு சாயங்காலத்துக்குள் இரண்டு ஊருக்கும் தெரிந்துவிட்டது.

இரண்டாவதை அவருக்கே தனியாக அனுப்பினேன். "விளையாட்டாகச் சொன்னேன் மாமா, எங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் கேலி பேசிக்கொள்வோம்" என்று எழுதினேன். அதை அவர் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். உனக்குக் கேலி புரியவில்லை, நீ எங்கள் வீட்டு ஆளும் இல்லை என்று இரண்டு அடி. பதில் வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

தம்பி மனைவி பிறகு ஒன்று சொன்னாள். அவள் அப்பாவுக்குக் கண்ணாடி போட்டாலும் போனில் எழுத்து சரியாகத் தெரியாதாம். வருகிற செய்தியை எல்லாம் எட்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன் பேரனிடம் கொடுத்துத் திண்ணையில் வைத்து வாசிக்கச் சொல்வாராம். என் கேலி விளக்கத்தையும் அந்தப் பையன்தான் நாலு பேர் கேட்க உரக்கப் படித்திருக்கிறான். பெரியவர்களுக்கு அனுப்பும் செய்தி அவர்கள் கண்ணுக்கு மட்டும் போவதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பேச்சுக்காக மன்னிப்பு கேட்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பேச்சையே திரும்ப எழுதிவிட்டால் திண்ணையில் இன்னொரு முறை அவமானப்படுத்தியதாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நின்று மூன்றாவதை எழுதினேன்:

"மாமா, வணக்கம். கல்யாணத்தன்று தாம்பூலப் பை கொடுக்கும்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். உங்கள் காதில் விழுந்தது என்று தெரியும். விழாமல் இருந்திருந்தாலும் அது சொல்லக்கூடாத வார்த்தை. முதல் நாள் இரவு முழுக்க நீங்களே உட்கார்ந்து அடுக்கிய வெற்றிலை என்று பிறகு கேள்விப்பட்டேன். தவறு என்னுடையது. அம்மாவுக்கோ தம்பிக்கோ அதில் பங்கில்லை. முன்பு விளையாட்டு என்று எழுதியதும் தவறு. பதில் எழுத வேண்டும் என்றில்லை. ஆடி கழிந்ததும் உங்களையும் அத்தையையும் வீட்டில் வந்து பார்க்க நினைக்கிறேன். இப்போது வேண்டாம் என்று தோன்றினால் அதை மட்டும் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்."

நகையைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. 'அதை மனதில் வைத்துச் சொல்லவில்லை' என்று எழுதக் கை துடித்தது. எழுதியிருந்தால் இரண்டு பவுன் கணக்கு திண்ணைக்கு வந்திருக்கும். தம்பி மனைவியிடம் சொல்லி அனுப்பவும் இல்லை. புதுப்பெண்ணைத் தூது விட்டால் அவள் எந்த வீட்டுக்காகப் பேசுவாள்?

"பெண் வீட்டாரிடம் நாம் எதற்குப் பணிய வேண்டும்?" என்று என் சித்தப்பாவே கேட்டார். இங்கும் ஒருவர் கேட்பார். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பார்த்து நான் எழுதவில்லை. வாய் என்னுடையது, அவ்வளவுதான். ஒரு வெற்றிலைக்கா இத்தனை என்பவர்கள், தாங்கள் செய்த மொய்யை ஒலிபெருக்கியில் யாராவது குறைத்துப் படித்தால் பேசாமல் இருப்பார்களா? உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்தில் என் வீட்டுக்காரர் எழுதிய ஐயாயிரத்து ஒன்றை ஐந்நூற்று ஒன்று என்று படித்துவிட்டார்கள். நோட்டில் சரியாகத்தான் இருந்தது. திருத்திப் படியுங்கள் என்று அவர் போய்க் கேட்டதற்கு, "அதெல்லாம் படித்தாகிவிட்டது அண்ணே" என்று மைக்கை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருடம் ஆகிறது, இன்றைக்கும் என் வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை. இது வேறு கதை, விடுங்கள்.

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள், "ஆவணியில் வாங்க" என்று இரண்டே சொல் வந்தது. பையன் தட்டியதாக இருக்கும்.

செய்தியால் ஆனது அவ்வளவுதான்: கதவு திறந்தது. போனபோது வெறும் பூவும் பழமும் கொண்டு போனேன். பெரிய தட்டாக வைத்தால் விலை கொடுத்துச் சரிக்கட்டுகிறாள் என்று ஆகிவிடும். திண்ணையில் அன்றைக்கு இருந்தவர்கள் எதிரிலேயே, "கார்த்திகையில் என் மகனுக்குக் காதுகுத்து, தாம்பூலத்துக்கு உங்கள் கொடிக்கால் வெற்றிலைதான் வேண்டும்" என்று கேட்டேன். நாலு பேர் முன்னால் எடுத்ததை நாலு பேர் முன்னால்தான் திருப்பித் தர முடியும் என்று நினைத்தேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. "எத்தனை பை?" என்று மட்டும் கேட்டார்.

காதுகுத்துக்கு முதல் நாளே கூடையோடு வந்து இறங்கினார். காபி குடித்தார். என் சித்திமாரையும் உட்கார வைத்து, காம்பு ஒரே பக்கம் வரும்படி எப்படி அடுக்குவது என்று காட்டிக்கொடுத்தார். பணம் வாங்க மறுத்தார், நானும் வற்புறுத்தவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு என்னை "தாயி" என்று கூப்பிடுவார். இப்போது "வாங்கம்மா" என்கிறார். அத்தை இன்னும் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. போன வாரம் மகளிடம், "உன் நாத்தனாருக்கு ரெண்டு கவுளி வெற்றிலை எடுத்துக்கொண்டு போ" என்று கொடுத்தனுப்பியிருந்தார். ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.