“பொண்ணு கிடைக்கல”: பிறப்புப் பதிவேடு சொல்வதும் சொல்லாததும்

சேலம், தர்மபுரிப் பக்கத்து வட்டாரங்களில் சுகாதாரப் புள்ளியியலாளராக 29 வருஷம் பிறப்புப் பதிவேடுகளைப் பார்த்து ஓய்வுபெற்றவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஆத்தூர் பக்கம், விவசாயி): எனக்கு 34 வயசு. ஆறு வருஷமா பொண்ணு பார்க்கறாங்க, அமையல. அந்தக் காலத்துல ஸ்கேன் பண்ணிப் பொண்ணுங்களைக் கலைச்சதோட பலனை இப்ப நாங்க அனுபவிக்கிறோம். சரிதானுங்களே?

பாதி சரி, தம்பி. மீதிப் பாதிதான் பெரிசு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊர்க் கூட்டத்தில் ஒரு வருஷத்துக்கு 1,000 குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் எதுவும் செய்யாமல் விட்டாலே பையன் 512, பொண்ணு 488 என்றுதான் பிறக்கும். கருவிலேயே தேர்ந்தெடுத்து, 1,000 பையனுக்கு 870 பொண்ணு என்று ஆகிவிட்டால் பையன் 535, பொண்ணு 465.

இப்போது நம்ம ஊர் வழக்கத்தைச் சேருங்கள். மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் அஞ்சு வயசு வித்தியாசம் பார்க்கிறோம். அதாவது இந்தப் பையன்கள் அஞ்சு வருஷம் கழித்துப் பிறந்த பொண்ணுகளைத் தேடுகிறார்கள். அதற்குள் பிறப்பே குறைந்துவிடுகிறது. வருஷத்துக்கு 2 சதவீதம் குறைவதாக எடுத்துக்கொண்டால் அஞ்சாவது வருஷம் மொத்தம் 904 குழந்தைதான். அதில் பொண்ணு 420. ஆக 535 பையன்களுக்கு 420 பொண்ணு, துண்டு 115. கலைப்பே நடக்காத ஊராக இருந்திருந்தால்? 512 பையன், 441 பொண்ணு, துண்டு 71.

கலைத்ததால் வந்தது 44. மீதி 71-இல் கொஞ்சம் இயற்கையிலேயே பையன் கூடுதலாகப் பிறப்பதால் வருவது. பெரும்பகுதி பிறப்பு குறைந்ததாலும் வயசு வித்தியாசத்தாலும் வருவது. அதே 535 பையன்களும் ஒரே ஒரு வயசு இளைய பொண்ணைக் கட்டினால் துண்டு 115-இலிருந்து 79-க்கு இறங்கிவிடும்.

அமையாதவர் அதோடு விலகிப் போவதும் இல்லை. அடுத்த வருஷம் வருகிற பையன்களோடு அவரும் வரிசையில் நிற்பார். அதனால்தான் உங்கள் வயசுக்காரர்களுக்கு வருஷா வருஷம் இறுகிக்கொண்டே போகிற மாதிரி இருக்கிறது. இதற்கு மேல் சொந்த ஜாதி, ஜாதகம், மாசச் சம்பளம் என்று சல்லடை போடுகிறோம். அந்தச் சல்லடையில் கடைசியில் தங்குவது பெரும்பாலும் நிலம் குறைவான, படிப்புக் குறைவான வீட்டுப் பிள்ளை. ஒரு தலைமுறைக்கு முன்னால் யாரோ எடுத்த முடிவுக்கு, அதில் பங்கே இல்லாத இவர் விலை கொடுக்கிறார்.

கேள்வி (ஆசிரியர்): எங்க ஊர் அங்கன்வாடியில 9 பையன், 3 பொண்ணு. ஆயிரத்துக்கு ஆயிரம் இருக்கணும்ல? நிச்சயம் கருக்கொலைதான். எங்கே புகார் கொடுக்கறது?

அவசரப்படாதீர்கள், சார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே மாதிரி ஒரு துணை சுகாதார நிலையத்துக் கணக்கைப் பார்த்துப் பதறி, அங்கிருந்த நர்சம்மாவைக் கடிந்துகொண்டேன். அடுத்த வருஷம் அதே ஊரில் பொண்ணுகள் அதிகமாகப் பிறந்தார்கள். அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஆயிரத்துக்கு ஆயிரம் என்பதே தவறு. இயல்பான பிறப்பில் 1,000 பையனுக்குச் சுமார் 950 பொண்ணு. அதிலும் 100 பிறப்பை மட்டும் எடுத்தால் பொண்ணு 39-ம் வரலாம், 59-ம் வரலாம், இரண்டும் தற்செயல்தான். 2,000 பிறப்பைச் சேர்த்துப் பார்க்கையில் 976 பொண்ணு இருக்க வேண்டிய இடத்தில் 930-க்குக் கீழே போனால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். 12 குழந்தையை வைத்து ஓர் ஊரைக் குற்றவாளி ஆக்க முடியாது.

மொத்த எண்ணை விட்டுவிட்டு, எத்தனையாவது பிரசவம் என்று பிரித்துப் பாருங்கள். முதல் குழந்தையில் பெரும்பாலும் யாரும் கை வைப்பதில்லை. முதலில் பொண்ணு பிறந்த வீட்டில் இரண்டாவது என்ன பிறந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தியா முழுமைக்கும் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் செய்தது. முதல் குழந்தை பொண்ணாக இருந்த வீடுகளில், இரண்டாவது பிரசவத்தில் 1,000 பையனுக்கு 1990-இல் 906 பொண்ணு, 2005-இல் 836. முதல் குழந்தை பையனாக இருந்த வீடுகளில் அப்படி ஒரு சரிவே இல்லை. இயற்கைக்கு மூத்த பிள்ளை யார் என்று தெரியாது, தம்பதிக்குத்தான் தெரியும்.

கேள்வி (ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்): நீங்க சொல்றது புத்தகத்துக்குச் சரி மேடம். எங்க ஏரியாவில ரெண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிடுவாங்க, அது அந்த ஊர்க் கணக்குல ஏறும். கலைக்கறதுக்கு வேற மாவட்டம், சில சமயம் கர்நாடகா. பதிவேட்டுல ஒண்ணும் மாட்டாது.

ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. நீங்கள் வீடு வீடாகப் போனவர், நான் மேசையில் இருந்தவள்.

ஒவ்வொரு கர்ப்பிணியையும் பதிந்து கொடுக்கும் பிக்மி எண் வந்த பிறகு ஒரு வழி கிடைத்தது. மூத்தது பொண்ணு உள்ள தாய் மூன்றாம் மாசம் பதிகிறாள், பிறகு நாலு, அஞ்சாம் மாசத்தில் “கரு தங்கல” என்று ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. மூத்தது பையன் உள்ள தாய்மாரிடம் அந்த வரி எத்தனை, இவர்களிடம் எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். வித்தியாசம் கண்ணில் படும். ஆனால் கலைத்த பிறகே கர்ப்பத்தைப் பற்றி வாய் திறக்கிறவர்களையும், பதியவே பதியாதவர்களையும் இதுவும் பிடிக்காது. 2023 நவம்பரில் கர்நாடகாவில் மண்டியா பக்கம் ஒரு வெல்லம் காய்ச்சும் ஆலையில் ஸ்கேன் மெஷின் வைத்துப் பார்த்தது பிடிபட்டதே, அந்த மாதிரி இடத்தில் எந்தப் பதிவேடு இருக்கப்போகிறது?

கேள்வி: அதெல்லாம் பழைய கதை. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுல சின்னக் குழந்தைங்கள்ல ஆயிரம் பையனுக்கு 943 பொண்ணு. தேசிய சராசரியை விட எவ்வளவோ மேல்!

மாநிலச் சராசரி 2001-இலும் 942-தான். அதே வருஷம் ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளில் சேலத்தில் 1,000 பையனுக்கு 851 பொண்ணு, தர்மபுரியில் 826. சராசரி அதை மூடிக்கொண்டிருந்தது. 2011-இல் அந்த இரண்டு மாவட்டங்களும் 900-ஐத் தாண்டி மேலே வந்தன. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கிய சேலம் மேலேறியது மனசுக்கு நிறைவுதான். ஆனால் அதே கணக்கில் கடலூரும் அரியலூரும் 900-க்குக் கீழே இறங்கின. கள்ளிப்பால் காலத்தில் பேரே அடிபடாத மாவட்டங்கள் அவை. எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

கேள்வி (கல்லூரி மாணவர்): பெண்கள் குறைஞ்சா அவங்களுக்கு மதிப்பு கூடும், வரதட்சணை ஒழியும்னு எகனாமிக்ஸ் வகுப்புல பேசினோம். நடக்குமா?

ஹரியானாவைப் பாருங்கள். 2001-இல் அங்கே அதே குழந்தைக் கணக்கில் 819. பெண் கிடைக்காத வீடுகள் அசாம், மேற்கு வங்கம், பீகார், ஒடிசாவிலிருந்து தரகர் மூலம் பெண் கொண்டுவந்தன. அப்படி வந்தவளை ஊரில் “மோல்கி” என்பார்கள். விலைக்கு வாங்கியவள் என்று பொருள். மொழி தெரியாது, பிறந்த வீடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அடித்தால் கேட்க ஆள் கிடையாது. உள்ளூர்ப் பெண்ணுக்கு வரதட்சணையும் ஒழியவில்லை, ஏனென்றால் அரசு வேலை மாப்பிள்ளைக்குப் போட்டி குறையவே இல்லை. அரிதான பொருளின் மதிப்பு அதை வைத்திருப்பவனுக்குப் போகும். பெண்ணுக்குத் தன் கல்யாணத்தில் சொல்லு இருந்தால்தான் அந்த மதிப்பு அவளுக்கு வரும். இல்லாத இடத்தில், “காலம் கெட்டுக் கிடக்கு” என்று பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (அதே பேச்சில், ஈரோட்டிலிருந்து ஒருவர்): எங்க அண்ணி பாலக்காட்டிலிருந்து வந்தவங்க. புரோக்கர் மூலமாத்தான். பதினோரு வருஷமா நல்லாத்தான் இருக்காங்க. எல்லாத்தையும் வாங்கி வித்த மாதிரி பேசாதீங்க.

நீங்கள் சொல்வது நியாயம். கொங்குப் பக்கம் அப்படி வந்து நன்றாக வாழ்கிற பெண்களை நானும் அறிவேன். பாலக்காடு பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம், பேச்சும் புரியும், அம்மா வந்து பார்க்க முடியும். எது கல்யாணம், எது விற்பனை என்பதற்கு நான் கோடு கிழிக்க மாட்டேன். அந்தப் பெண் நினைத்த நாளில் பிறந்த வீட்டுக்குப் போய்வர முடிகிறதா என்று மட்டும் கேட்பேன்.

கேள்வி (பெயர் வேண்டாம்): இது உங்க தலைப்பான்னு தெரியல. எனக்கு ஆறு வாரம். ரெண்டாவது குழந்தைக்கு ஒரு வருஷம்கூட ஆகல, இப்ப முடியாது. மருந்துக்கடையில “பொண்ணுன்னு கலைக்கறியா”ன்னு கேட்டு விரட்டிட்டாங்க.

என் தலைப்பேதான் கண்ணு, நல்லவேளை கேட்டாய். மாத்திரையால் கலைப்பது ஒன்பது வாரத்துக்குள். அந்த வாரங்களில் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரியவே தெரியாது. ஆறு வாரத்தில் வருகிற பெண்ணைப் பார்த்து அந்தக் கேள்வி கேட்பது அறியாமை. ஆனால் அந்த மாத்திரை கடையில் கேட்டு வாங்கிப் போடுவது இல்லை, டாக்டர் பார்த்துத் தர வேண்டியது. கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த வாரமே அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவுக்குப் போ. உன் நிலையில் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது, கணவர் கையெழுத்து தேவையில்லை. தடை இருப்பது கருவின் பாலினத்தைப் பார்ப்பதற்கும் சொல்வதற்கும்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு நாம் பயமுறுத்தியதில், நியாயமான காரணத்துக்கு வந்த பெண்கள் நாட்டு மருந்து தேடிப் போனார்கள். அதில் என் துறைக்கும் பங்குண்டு.

கேள்வி: கொரியா சரி பண்ணிட்டாங்களாமே. நமக்கும் தானா சரியாகுமா?

தென்கொரியாவில் 1990-இல் 100 பொண்ணுக்கு 116 பையன் பிறந்தார்கள். 2007 வாக்கில் இயல்புக்கு வந்துவிட்டது. சட்டத்தாலா, பெண்கள் படித்து வேலைக்குப் போனதாலா, முதுமையில் மகனை நம்பும் வழக்கம் தேய்ந்ததாலா என்று இன்னும் வாதிடுகிறார்கள். நான் கடைசிக் காரணத்தின் பக்கம். ஆனால் பிறப்பு சரியானாலும், 1990-இல் பிறந்த பையனுக்கு இப்போது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தொட்டிலில் சரியானது மணமேடைக்கு வந்து சேர இருபத்தைந்து, முப்பது வருஷம் ஆகிறது.

கேள்வி (தர்மபுரி மாவட்டம்): மூத்தது பொண்ணு. இப்ப மூணு மாசம். மாமியாரும் வீட்டுக்காரரும் “ஒரு இடத்துல பார்த்துச் சொல்வாங்க, போயிட்டு வந்துடலாம்”னு நெருக்கறாங்க. போனா என்னையும் பிடிப்பாங்களா?

வீட்டார் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனால், சட்டம் உன்னைக் குற்றவாளியாகப் பார்க்காது. கணவரும் உறவினரும்தான் வற்புறுத்தினார்கள் என்று கோர்ட்டே எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. கேட்டுப் போகிறவருக்கும் பார்த்துச் சொல்கிறவருக்கும் முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை சிறை. இதை வீட்டுக்காரரிடம் தனியாகச் சொல்லிப் பார், மாமியார் முன்னால் வேண்டாம். சில ஆண்களுக்குத் தன் அம்மாவிடம் சொல்ல ஒரு காரணம்தான் தேவைப்படுகிறது.

“ஒரு இடம்” என்று சொல்வது பதிவில்லாத மெஷினாகத்தான் இருக்கும். பதிவுள்ள ஸ்கேன் சென்டரில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஃபார்ம் எஃப் நிரப்பியாக வேண்டும். உன் பெயர் எழுதாமல், கையெழுத்து வாங்காமல் படுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடு. உன் ஊர் நர்சம்மாவிடம் இன்றைக்கே பிக்மி எண் வாங்கி, அடுத்த செக்கப் தேதியைக் கேட்டு வைத்துக்கொள். உன் கணக்கு ஒருவர் கையில் இருக்கிறது என்று வீட்டுக்குத் தெரியட்டும். மிரட்டினால் 181. மெஷின் இருக்கும் இடம் தெரிந்தால் மாவட்ட மருத்துவ இணை இயக்குநர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்.