இரண்டு வீடியோவுக்கும் 30வது நொடியில் ஒரே எண், அப்படியானால் தொடக்கமும் ஒன்றா?

கேள்வி: சைக்கிள் ரிப்பேர் பற்றி யூடியூப் சேனல் நடத்துகிறேன். எல்லாமே ஏழெட்டு நிமிட வீடியோ. ஸ்டுடியோவில் 30வது நொடியில் எத்தனை சதவீதம் பேர் பார்க்கிறார்கள் என்று காட்டுவதை வைத்துத்தான் தொடக்கம் நன்றாக இருக்கிறதா என்று முடிவு செய்கிறேன். செயின் கழல்வது பற்றிய வீடியோ 58, பழைய சைக்கிளைப் புதுப்பித்தது 57, பிரேக் சத்தம் 72, பஞ்சர் 51. அதே வரிசையில் 5வது நொடியில் 94, 78, 92, 81. பார்வைகள் 1400, 900, 2600, 210. பிரேக் வீடியோவுக்குத் தேடலில் இருந்துதான் அதிகம் வருகிறார்கள், மற்ற மூன்றுக்கும் ஹோம் பக்கம். பிரேக் வீடியோ மாதிரியே பஞ்சர் வீடியோவையும் தொடங்கினேன், எடுபடவில்லை. எந்தத் தொடக்கத்தைப் பின்பற்றுவது? லிங்க் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: 5வது நொடி எண்ணையும் சேர்த்து அனுப்பினீர்களே, அது நல்லதாகப் போயிற்று. அது இல்லாவிட்டால் செயின் வீடியோவும் புதுப்பித்த வீடியோவும் ஒரே மாதிரி என்றுதான் நானும் சொல்லியிருப்பேன், 58க்கும் 57க்கும் என்ன பெரிய வித்தியாசம். ஆனால் ஒன்றில் 94 பேர் உட்கார்ந்து அதில் 36 பேர் எழுந்து போயிருக்கிறார்கள், இன்னொன்றில் நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே 22 பேர் போய்விட்டார்கள்.

முதல் ஐந்து நொடிக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இல்லை. தம்ப்நெயிலையும் தலைப்பையும் பார்த்து மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு வருகிறார்கள், முதல் காட்சி அதுவாக இல்லை என்றதும் கிளம்பிவிடுகிறார்கள். அதைத் தாண்டியவர்கள் 5 முதல் 30க்குள் போனால்தான் அது ஹூக்கின் கணக்கு, அதாவது ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டிய தொடக்கத்தின் கணக்கு. அதனால் 30வது நொடி எண்ணை 5வது நொடி எண்ணால் வகுத்துப் பாருங்கள். செயின் வீடியோவுக்கு 58 ÷ 94, அதாவது 62 சதவீதம். புதுப்பித்ததற்கு 57 ÷ 78, 73. பிரேக்குக்கு 78. பஞ்சருக்கு 63.

கழித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். செயினில் 36 புள்ளி இறக்கம், பஞ்சரில் 30 புள்ளி இறக்கம், ஆகவே பஞ்சர் தேவலாம் என்று தோன்றும். ஆனால் பஞ்சரில் ஐந்தாவது நொடியில் மிச்சம் இருந்ததே 81 தான். இருந்தவர்களில் எத்தனை பங்கு போனார்கள் என்று பார்த்தால் இரண்டிலும் நூற்றுக்கு 37, 38 பேர், கிட்டத்தட்ட சமம். வகுத்தால்தான் இது கண்ணில் படும்.

சரி, இப்போது வீடியோக்களுக்கு வருவோம், நான்கையும் பார்த்தேன். செயின் வீடியோவின் முதல் ஆறு நொடி அருமை, மிதிக்கும்போதே செயின் கழன்று விழுகிறது, கை நிறைய கிரீஸோடு அதைத் தூக்கிக் காட்டுகிறீர்கள், "இது ஏன்னு இப்பப் பார்ப்போம்" என்கிறீர்கள். அப்புறம் 13 வரை லோகோ சுற்றுகிறது, இசை. 13லிருந்து 28 வரை நீங்கள் யார், சேனல் எதற்கு, சப்ஸ்கிரைப் செய்யுங்கள், பெல் அழுத்துங்கள். செயின் ஏன் கழல்கிறது என்ற பேச்சு 48வது நொடியில்தான் தொடங்குகிறது. 94 எப்படி 58 ஆனது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

ஆனால் அந்த 36 பேரும் வீடியோவை விட்டே போய்விட்டார்கள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் கோட்டில் 30ஐத் தாண்டி 50, 60வது நொடி வரை விரலை நகர்த்திப் பாருங்கள். கோடு அங்கே மறுபடி ஏறினால், 58 இருந்தது 63, 64 ஆனால், அவர்களில் ஒரு பகுதி வெளியே போகவில்லை, உங்கள் அறிமுகத்தை ஓட்டிவிட்டு முன்னால் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓட்டித் தாண்டிய நொடிகளில் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், இறங்கிய இடத்தில் வருவார்கள். போனவர்களும் தாண்டியவர்களும் 30வது நொடியில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள், அந்த ஒரு எண்ணால் இருவரையும் பிரிக்க முடியாது. ஏற்றம் தெரிந்தால் சந்தோஷப்படலாம், விஷயத்தில் ஆர்வம் இருக்கிறது, நடுவில் இருக்கும் 22 நொடிதான் தொல்லை.

புதுப்பித்த வீடியோவில் கதை வேறு. தம்ப்நெயிலில் பளபளவென்று சிவப்பு சைக்கிள். வீடியோவைத் திறந்தால் சுவருக்கு முன்னால் நீங்கள் நின்று வணக்கம் சொல்கிறீர்கள், சைக்கிள் கண்ணில் படவே 9வது நொடி ஆகிறது. 22 பேர் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு, துருப்பிடித்த ஹேண்டிலை உடைத்துக் கழற்றுவதை நேராகக் காட்டிவிடுகிறீர்கள், அது பிடித்து வைக்கிறது. சரிசெய்ய வேண்டியது ஹூக் இல்லை, முதல் ஃப்ரேம். முடிந்த சைக்கிளை இரண்டு நொடி காட்டிவிட்டு அது முன்பு இருந்த கோலத்துக்குப் போங்கள்.

அதற்காக 73ஐப் பார்த்து "செயினைவிட இதன் ஹூக் நல்லது" என்றும் எழுதி வைத்துவிடாதீர்கள். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. ஐந்து நொடிக்குள் 22 பேர் போனதும் மிச்சம் இருப்பவர்கள் ஏற்கெனவே வடிகட்டப்பட்ட ஆட்கள், அவர்களைப் பிடித்து வைப்பது சுலபம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முதல் ஃப்ரேமைத் திருத்தி 5வது நொடி எண்ணை 78லிருந்து 94 ஆக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகத் தங்கிய அந்த 16 பேரும் 30க்குள் போய்விட்டால் 57 ÷ 94, விகிதம் 61. அச்சு அசல் செயின் வீடியோ! ஆக இந்த ஹூக்கின் உண்மையான பலம் 61க்கும் 73க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, எங்கே என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. 5வது நொடி எண் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் வீடியோக்களைத்தான் இந்த விகிதத்தால் ஒப்பிடலாம். உங்களிடம் அப்படி அமைந்த ஜோடி செயினும் பிரேக்கும், 94, 92.

பிரேக் வீடியோ ஏன் 78 என்பது பார்த்ததுமே புரிகிறது. கிறீச் என்ற சத்தம், சக்கரம் சுற்றுகிறது, எட்டாவது நொடியிலேயே பிரேக் கட்டையின் முன் நுனி ரிம்மைக் கொஞ்சம் முதலில் தொடும்படி சாய்த்துக் காட்டுகிறீர்கள். லோகோவே இல்லை. ஆனாலும் இந்த 78 முழுக்க உங்கள் தொடக்கத்தின் பெருமை இல்லை. "பிரேக் சத்தம்" என்று தட்டித் தேடி வந்தவருக்கு வீட்டில் சத்தம் போடும் சைக்கிள் நிற்கிறது, பதில் கிடைக்கும் வரை அவர் பொறுத்திருப்பார். ஹோம் பக்கத்தில் சும்மா விரலை ஓட்டிக்கொண்டு வந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பஞ்சர் வீடியோவுக்கு வந்தவர்கள் இந்த இரண்டாவது ரகம், அதனால்தான் அதே தொடக்கம் அங்கே எடுபடாத மாதிரித் தெரிகிறது. தேடல் வீடியோவைத் தேடல் வீடியோவோடு, ஹோம் வீடியோவை ஹோம் வீடியோவோடு வைத்துப் பாருங்கள். ரிடென்ஷன் வரைபடத்திலேயே புதியவர், திரும்ப வந்தவர் என்று பிரித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஹூக்கை எடைபோடப் புதியவர்களின் கோடுதான் நேர்மையானது. ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர் லோகோவையும் சகித்துக்கொள்வார்.

பஞ்சர் வீடியோவுக்கு இன்னொரு சங்கடம், 210 பார்வைதான். அத்தனை சிறிய கூட்டத்தில் 51 என்பது உண்மையில் 44 ஆகவும் இருக்கலாம், 58 ஆகவும் இருக்கலாம், அந்த ஏழு புள்ளி ஆட்டம் தற்செயலாகவே வரும். ஆயிரம் பார்வை தாண்டினால் இது மூன்று புள்ளியாகச் சுருங்கும். அதனால் பஞ்சர் தொடக்கம் தோற்றது என்று இப்போதே தீர்ப்பு சொல்லாதீர்கள், 63ஐயும் செயினின் 62ஐயும் பக்கத்தில் வைத்து எது மேல் என்று யோசிப்பதும் வீண்.

இதை வழக்கமாகச் செய்ய ஒரு தாள் போதும். ஒவ்வொரு வீடியோவும் ஏறி ஏழு நாள் ஆனதும் 5வது நொடி, 30வது நொடி, விகிதம், பார்வை, முதலிடத்தில் இருக்கும் டிராஃபிக் சோர்ஸ், இவற்றை எழுதுங்கள். முதல் நாளே பார்த்துப் பதறாதீர்கள், ரிடென்ஷன் தரவு வந்து சேரவே ஒன்றிரண்டு நாள் ஆகும், போதாததற்கு ஆரம்பத்தில் வருகிறவர்களில் பழக்கமான முகங்கள் அதிகம். ஒரே ரகத்தில் எட்டுப் பத்து வீடியோ சேர்ந்ததும் விகிதங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் சேனலின் அளவுகோல். அடுத்தவர் சேனலில் 80 வருகிறது என்பது உங்களுக்கு எதையும் சொல்லாது.

நீளமான வீடியோ போட ஆரம்பித்தால் மட்டும் கவனம். யூடியூப் எண்களை மென்பொருள் வழியாக எடுக்க உதவும் YouTube Analytics API தரும் ரிடென்ஷன் தரவு வீடியோவை நூறு துண்டாக வெட்டியது. எட்டு நிமிட வீடியோவில் ஒரு துண்டு ஐந்து நொடிக்குச் சற்றுக் குறைவு, உங்களுக்கு அது சரியாகப் பொருந்திவிட்டது. 25 நிமிட வீடியோவில் ஒரு துண்டே 15 நொடி, அதில் 5வது நொடி எண் என்று தனியாக ஒன்று கிடையாது. அங்கே 15ஐயும் 45ஐயும் எடுங்கள், ஆனால் அதை எட்டு நிமிட வீடியோக்களோடு சேர்க்காதீர்கள். ஷார்ட்ஸை இந்தத் தாளில் ஏற்றவே வேண்டாம், அதற்குப் பார்த்தவர், தள்ளிவிட்டவர் என்று தனிக் கணக்கு இருக்கிறது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். செயின் வீடியோவின் இன்றைய எண்களைக் குறித்துவைத்துவிட்டு, ஸ்டுடியோ எடிட்டரில் 6லிருந்து 28 வரை வெட்டி எடுத்துவிடுங்கள். புதிதாக ஏற்ற வேண்டாம், லிங்க்கும் பார்வைகளும் அப்படியே இருக்கும். வெட்டிய பிறகு செயின் ஏன் கழல்கிறது என்பது 26வது நொடியில் வந்துவிடும், உண்மையில் அதுகூடத் தாமதம்தான், கருவிகளைக் காட்டும் பகுதியில் பாதியையும் குறைத்தால் 16க்கு வந்துவிடும். அதன் பிறகு புதிதாக ஆயிரம் பார்வை சேரும் வரை பொறுத்து, வெட்டிய தேதிக்குப் பிந்தைய நாட்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். விகிதம் 62லிருந்து 70 பக்கம் நகர்ந்தால் லோகோவும் அறிமுகமும்தான் காரணம். 62லேயே நின்றுவிட்டால், ஆறாவது நொடிக்குப் பிறகு நீங்கள் சொல்லும் விஷயத்தையே மாற்ற வேண்டும், அப்போது மறுபடி எழுதுங்கள்.