லாக் ஸ்கிரீன் கடிகாரமும் படமும் அழகாக இருக்கின்றன, ஆனால் நோட்டிபிகேஷன் படிக்க முடியவில்லை. எதை மாற்றுவது?

முதலில் படத்தின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். ஐபோனில் 2022-ல் வந்த ஐஓஎஸ் 16 முதல், நோட்டிபிகேஷன்கள் திரையின் அடியிலிருந்துதான் அடுக்கப்படுகின்றன. அவற்றின் பின்னணி பாதி கண்ணாடி போன்றது, அடியில் உள்ள நிறம் மேலே கசியும். கோலம் போட்ட தரையில் சாக்பீஸால் எழுதினால் எழுத்து எங்கே தெரியும்?

என் மகள் கோலத்தின் நடுவே நிற்கும் படத்தை வைத்திருந்தேன். வங்கிக் குறுஞ்செய்தியின் தொகை வெள்ளைக் கோடுகளில் கலந்துவிட்டது. அப்புறம் அவள் கருநீலச் சுவரோரம் நிற்கும் படத்தை வைத்தேன், சரியாகிவிட்டது.

டெப்த் எஃபெக்ட் என்பது படத்தில் உள்ளவரைத் தனியாகப் பிரித்து, கடிகாரத்துக்கு முன்னால் நிறுத்துவது. தலை எண்களின் அடிவிளிம்பை மட்டும் தொட்டால் அழகு. அதிகம் மறைத்தால் மணி தெரியாது, பல சமயம் போனே அதை அணைத்துவிடும். லாக் ஸ்கிரீனை அழுத்திப் பிடித்து Customize-க்குள் போய், இரு விரல்களால் படத்தை நகர்த்திச் சரிசெய்யலாம். அங்கேயே கடிகாரத்தைத் தொட்டால் எழுத்துருவும் நிறமும் வரும். படம் நெருக்கமாக இருந்தால் தடித்த எழுத்துருதான் என் தேர்வு. மெல்லிய எழுத்து வெயிலில் காணாமல் போகும்.

கடிகாரத்தைத் தடிமனாக்கினால் நோட்டிபிகேஷன் எழுத்தும் மாறும் என்று பலர் நினைக்கிறார்கள்; மாறாது, அதன் அளவு Settings-ல் Display & Brightness-க்குள் உள்ள Text Size-ல் இருக்கிறது.