‘என்ன வெயில்!’ என்று தொடங்குவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டில் ஒரு வங்கிக் கிளைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பக்கத்தில் யார் அமர்ந்தாலும் பேச்சு “என்ன வெயில்!” என்றோ “ஐந்து ரோட்டில் ஒரே நெரிசல்” என்றோதான் ஆரம்பிக்கிறது. இருவருக்கும் தெரிந்ததை எதற்காகச் சொல்லிக்கொள்கிறோம்? எனக்கு இது வெறும் பாசாங்காகப் படுகிறது.

ச., அஸ்தம்பட்டி

அன்புள்ள ச.,

அறிமுகமில்லாத ஒருவரிடம் பேச்சைத் தொடங்க நம்மிடம் வேறு வாசகங்களும் இருக்கின்றன. “எங்கே, ஏற்காட்டுக்கா?” எனலாம். “சாப்பிட்டாயிற்றா?” எனலாம். “அப்பாடா, உட்கார இடம் கிடைத்தது” எனத் தன்னைப் பற்றியும் சொல்லலாம். ஜான் லேவர் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1975இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இத்தகைய தொடக்கங்களை மூன்றாகப் பிரித்தார்: கேட்பவரைப் பற்றியவை, சொல்பவரைப் பற்றியவை, இருவரையும் சாராதவை. அவர் கவனித்தது ஆங்கிலம் பேசுபவர்களை. உயர்ந்த நிலையில் இருப்பவர் கேட்பவரைப் பற்றிப் பேசலாம். தாழ்ந்த நிலையில் இருப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசலாம், மற்றவரின் சொந்த விஷயத்துக்குள் நுழையக்கூடாது. வானிலைக்கு மட்டும் இந்தத் தடை இல்லை, யாரும் யாரிடமும் தொடங்கலாம் என்றார்.

நம் ஊரில் இது இன்னும் கறாராகப் பொருந்துகிறது. பெரியவர் உங்களிடம் “எங்கேம்மா கிளம்பிவிட்டாய்?” என்று கேட்கலாம். நீங்கள் அவரிடம் திருப்பிக் கேட்டால், புறப்படும்போதே எங்கே என்று கேட்கிறாளே, காரியம் கெட்டுவிடும் என முகம் சுளிப்பவர் உண்டு. அதோடு, அவரை ‘ஐயா’ என்பதா ‘அண்ணா’ என்பதா, பக்கத்தில் இருக்கும் இளம்பெண்ணை ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா என்று வாய் திறக்கும் முன்பே முடிவுசெய்தாக வேண்டும். “என்ன வெயில்!” என்பதில் முன்னிலையே கிடையாது. வயது, சாதி, பதவி எதையும் ஊகிக்காமல் பேசிவிடலாம். பேச்சைத் தொடங்க அப்படிப்பட்ட வாக்கியங்கள் தமிழில் குறைவு. அதனால்தான் இதற்கு இவ்வளவு கிராக்கி என்பது என் எண்ணம்.

அடுத்தது பதில். ஒருவர் ஒன்றை நல்லது, கெட்டது என மதிப்பிட்டால் கேட்பவர் எப்படி ஒத்துக்கொள்கிறார் என்பதை அனிதா பொமெரான்ட்ஸ் என்ற உரையாடல் ஆய்வாளர் 1984இல் ஆராய்ந்து எழுதினார். மனமார ஒத்துக்கொள்பவர் ஒரு படி கூட்டிச் சொல்கிறார். அதே அளவிலோ குறைத்தோ சொன்னால் பல சமயம் பின்னால் ஒரு மறுப்பு வருகிறது. உங்கள் பஸ்ஸில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். “என்ன வெயில்!” என்கிறீர்கள். “வெயிலா இது? ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சுவர் கொதிக்கிறது” என்று பதில் வந்தால் அவருக்குப் பேச விருப்பம். உடனே “மேலே போனால் கொஞ்சம் பரவாயில்லை, நீங்கள் ஏற்காடுதானா?” என்று கேட்கலாம், முதலில் துருவலாகத் தோன்றியிருக்கும் அதே கேள்வி இப்போது இயல்பாக வந்து உட்காரும். “ம், ஆமாம்” என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பினால், அடிவாரம் வருவதற்குள் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று அர்த்தம். அவர் உங்களை மறுக்கவில்லை, வெயிலை ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான். உங்களுக்கும் மனத்தாங்கல் இல்லை. இதைப் பாசாங்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லையே.

ஆனால் இருவரும் வெயிலுக்கு ஒரே பக்கம் நின்றால்தான் இது பலிக்கும். சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர், களத்தில் மாவு காய வேண்டுமே என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர். அவரிடம் வெயிலைத் திட்டினால் “காய்ந்தால்தானே பிழைப்பு” என்பார். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவரிடம் ஏப்ரலில் “மழை வருமா?” என்பது நலம் விசாரிப்பே அல்ல. பூ பிடிக்க அந்த மழை வேண்டும். அவர் கணக்கோடுதான் பதில் சொல்வார், நீங்களும் கவனித்துக் கேட்க வேண்டும்.

நீங்கள் சொன்ன இரண்டில் நெரிசல்தான் ஆபத்தானது. வெயிலுக்குக் குற்றவாளி கிடையாது, நெரிசலுக்கு உண்டு. மூன்றாவது வாக்கியத்திலேயே போலீஸ், மாநகராட்சி, ஆட்சி என்று போய்விடும். அவர் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரியாது. மே மாதக் கோடை விழா சமயத்தில், கொண்டை ஊசி வளைவில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது “ஒரே கூட்டம்” என்று பக்கத்துச் சீட்டில் இருப்பவரிடம் அலுத்துக்கொள்ளாதீர்கள். அவர் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்தவராக இருக்கலாம், கூட்டமே அவர்தான்.