ட்ரோன் படத்தில் போட்ட சிவப்புக் கோடு

கேள்வி: பல்லடம் தாலுகாவில் எங்களுக்கு 4 ஏக்கர் 30 சென்ட் பூமி இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாகத்தான் வர வேண்டும். மேற்கே கோழிப்பண்ணை, தெற்கு ஓரத்தில் ஹைடென்ஷன் லைன். புரோக்கர் ட்ரோனில் படம் எடுத்து, பூமியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, கூடவே சுற்றுவட்டாரம் காட்ட ஒரு வரைபடமும் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்கிறார். வாங்குபவர் பின்னால் இதை வைத்து எங்கள் மேல் கேஸ் போட முடியுமா?

பதில்: படமும் வரைபடமும் தாராளமாகப் போடலாம். ஆனால் படத்தின் மேல் இழுக்கும் ஒவ்வொரு கோடும், எழுதும் ஒவ்வொரு சொல்லும் நீங்கள் வாங்குபவருக்குச் சொன்ன தகவலாகவே கணக்கில் வரும். அது தவறாக இருந்து, அதை நம்பி அவர் அக்ரிமென்ட் போட்டிருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 18, 19 பிரிவுகளின்படி அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம். தவறு என்று தெரியாமல் சொல்லியிருந்தாலும் இதே நிலைதான். சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே அவருக்கு உண்மை தெரிந்திருக்கும் என்று நீங்கள் காட்டினால் தப்பிக்கலாம். தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் அந்த வாதம் எடுபடாது. படத்தைத் தயாரித்தது புரோக்கர், எனக்குத் தெரியாது என்பதும் நிற்காது. அவர் உங்களுக்காகத்தான் விற்கிறார்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் கவலை இட்டேரிதான். மேலிருந்து எடுத்த படத்தில் தடம் பளிச்சென்று தெரியும், ஆனால் அது யாருடையது என்று படம் சொல்லாது. புரோக்கர்கள் அதன் மேல் ‘30 அடி ரோடு’ என்று எழுதிவிடுவார்கள். வழக்குகள் கிளம்புவது பெரும்பாலும் இந்த மூன்று சொல்லிலிருந்துதான். eservices.tn.gov.in தளத்தில் உங்கள் புல எண்ணுக்கும், தடம் கடந்து வரும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் எடுங்கள். அ-பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று வந்தால் அது பொது வழி. புலப்படத்தில் உள்ள அகலத்தை மட்டும் வரைபடத்தில் எழுதுங்கள். தடம் பக்கத்துக்காரர் பட்டாவுக்குள் போனால், உங்கள் மூலப் பத்திரத்தில் ‘மாமூல் தடப் பாத்தியம்’ என்று எழுதியிருக்கிறதா, எத்தனை அடி அகலம், எந்தப் புல எண் வழியாக என்று பாருங்கள். பத்திரத்தில் இல்லாமல் வெறும் பழக்கத்தில் போய்வருவதாக இருந்தால், 20 வருடம் தடையில்லாமல், உரிமையாகப் பயன்படுத்தியதை நிரூபித்தாக வேண்டும். அப்படியே நிரூபித்தாலும், தோட்டத்துக்கு வண்டி ஓட்டிய உரிமையை வைத்து நாற்பது வீட்டுக்குப் போக்குவரத்து விட முடியாது. வசதியுரிமைச் சட்டம் பழைய பயன்பாட்டைத் தாண்டிய சுமையை ஏற்காது. ஆகவே வரைபடத்தில் ‘புல எண் இன்னது வழியாக, பத்திரப்படி 16 அடி வண்டித்தடம்’ என்பது போல உள்ளதை எழுதுங்கள். ‘ரோடு’ என்ற சொல்லே வேண்டாம்.

தூரத்திலும் இதே வம்பு உண்டு. படத்தில் அளந்தால் மெயின் ரோடு 900 மீட்டர் என்று வரும், தடம் சுற்றி வந்தால் 2 கிலோமீட்டருக்கு மேல் போகும். வண்டியில் மீட்டர் பார்த்து, வழியையும் சேர்த்து எழுதுங்கள். ‘5 நிமிடம்’ என்பதை எதிர்த் தரப்பு வக்கீல் மிகவும் விரும்புவார்.

சிவப்புக் கோட்டுக்கு வருவோம். உங்கள் பூமி சுமார் 17,400 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் பக்கம் 132 மீட்டர். வழக்கமான ட்ரோன் கேமரா 120 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் தரையில் ஏறக்குறைய 170-க்கு 130 மீட்டர்தான் பிடிக்கும். அதாவது பூமியே படத்தை நிறைத்துவிடும், சுற்றுவட்டாரத்துக்கு இடம் இருக்காது. அதனால் கேமராவைச் சாய்த்து எடுப்பார்கள். சாய்ந்த படத்தில் தொலைவில் உள்ள எல்லை சுருங்கித் தெரியும். அங்கே கண் மட்டத்தில் கோடு இழுத்தால் சில மீட்டர் பிசகிப் பக்கத்துக்காரர் வரப்பையோ வாய்க்கால் புறம்போக்கையோ விழுங்கிவிடும். வாங்குபவர் அதை நம்பிப் பணம் கொடுத்த பிறகு சர்வேயர் கல் ஊன்றுவது வேறு இடத்தில் இருக்கும்.

எனவே இரண்டு படமாகப் பிரித்துவிடுங்கள். நேர் கீழே பார்த்த படத்தில் மட்டும் கோடு போடுங்கள், அதுவும் நான்கு மூலைக் கல்லும் தெரியும்படி அங்கே வெள்ளைச் சாக்கை விரித்துவைத்து எடுத்த படத்தில். கல் காணவில்லை என்றால் முதலில் தாலுகா சர்வேயருக்கு மனு போட்டு அளந்துவிடுங்கள். சாய்ந்த படத்தில் கோடே வேண்டாம், பூமியின் நடுவே ஒரு அம்புக்குறி போதும். இரண்டிலும் எடுத்த தேதியைப் போடுங்கள். மழைக்காலத்துப் பசுமையைக் கோடையில் அனுப்பினால் தேதி இல்லாத படம் தண்ணீர் வசதி இருப்பதாகவே பேசும்.

கோழிப்பண்ணையையும் லைனையும் வெட்டிவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நேரில் வந்து பார்ப்பவருக்குப் பண்ணை தெரியாமல் போகாது, அதனால் படத்தில் இல்லாதது மட்டுமே பெரும்பாலும் உங்களைச் சிக்கவைக்காது. ஆனால் ‘சுற்றுவட்டாரம்’ என்று தலைப்புப் போட்ட வரைபடத்தில் கிழக்கே பள்ளிக்கூடத்தையும் வடக்கே பேருந்து நிறுத்தத்தையும் வரைந்து மேற்கை மட்டும் வெற்றாக விட்டால், அது பாதி உண்மை. வெளிநாட்டிலிருந்து படத்தைப் பார்த்தே அட்வான்ஸ் அனுப்புகிறவரிடம் ‘நேரில் பார்த்திருப்பாரே’ என்ற வாதமும் செல்லாது. மின்கம்பியின் கதை இன்னும் கனமானது. 110 கிலோவோல்ட் லைன் என்றால் 22 மீட்டர் அகலத்துக்குக் கட்டடம் கட்ட வழியில்லை. பூமிக்குள் அந்தப் பட்டை விழுந்தால் அதன் அளவை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டுங்கள். இதைக் கண்டு விலகுகிறவர் பத்திரத்துக்கு முன் எப்படியும் விலகத்தான் போகிறார்.

மொத்தமாக ஒரே ஆளுக்கு விற்பதாக இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் கீழ் பதிவு தேவைப்படாது. புரோக்கர் படத்தின் மேல் கட்டம் கட்டமாகப் புள்ளிக்கோடு போட்டு ‘இப்படி சைட் போடலாம், புக்கிங் நடக்கிறது’ என்று அனுப்பினால் கதை மாறிவிடும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாக விற்பதற்கு, விளம்பரம் செய்யும் முன்பே பதிவு வேண்டும். எந்த வடிவில் வந்த விளம்பரத்தையும் அந்தச் சட்டம் உள்ளடக்குகிறது, வாட்ஸ்அப்பும் சேர்த்தி. பதிவில்லாமல் செய்தால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். பதிவு செய்த பிறகும் பதிவு எண்ணையும் ஆணையத்தின் இணைய முகவரியையும் படத்திலேயே போட்டாக வேண்டும். 12-வது பிரிவின்படி, தவறான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் விலக விரும்பினால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும், நஷ்டஈடும் உண்டு.

பறக்கவிடும் முன், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். சூலூர் விமானப்படைத் தளமும் கோவை விமான நிலையமும் உங்கள் பக்கம் இருப்பதால் ஊகிக்க வேண்டாம். பச்சைப் பகுதியில் பொதுவாக 400 அடி வரை, விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி வரை, அனுமதி கேட்க வேண்டியதில்லை. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கூலிக்கு ஓட்டுபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். அதன் நகலையும் ட்ரோனின் பதிவு எண்ணையும் வாங்கி வையுங்கள். கூகுள் எர்த் படத்தை எடுத்துப் போடுவதானால் கீழே உள்ள உரிமைக் குறிப்பை வெட்டாதீர்கள்.

‘அளவுகோலுக்கு உட்பட்டதல்ல’ என்ற வரி வரைபடத்தில் இருக்கட்டும். கோணல்மாணலாக வரைந்ததற்கு அது காப்பு, இல்லாத ரோட்டை வரைந்ததற்கு அல்ல. கிரய அக்ரிமென்ட்டில் சொத்து விவரம் பத்திரத்தையும் புலப்படத்தையும் மட்டும் ஒட்டி இருக்க வேண்டும், விளம்பரப் படத்தை இணைப்பாகச் சேர்க்கவே கூடாது. வாங்குபவர் நேரில் வந்து தடத்தையும் பண்ணையையும் லைனையும் பார்த்த தேதியை அதிலேயே எழுதி அவர் கையொப்பம் வாங்குங்கள். அனுப்பிய படங்களின் மூலக் கோப்புகளைப் பத்திரம் பதிவான பிறகும் அழிக்காமல் வையுங்கள்.